மகப்பேறு விடுப்பு விண்ணப்பம்: தேதிகள், மருத்துவச் சான்று, நீட்டிப்பு

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு தனியார் மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். தலைப்பிரசவம். கடைசி மாதவிடாய் 2025 நவம்பர் 10. டாக்டர் கொடுத்த பிரசவத் தேதி 2026 ஆகஸ்ட் 17. கும்பகோணத்தில் அம்மா வீட்டில்தான் பிரசவம். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்கிறார்கள். லீவு லெட்டரில் தேதி எப்படிப் போடுவது, என்ன சான்று வைப்பது, ஏதாவது சிக்கல் வந்தால் லீவை நீட்டிக்க இப்போதே என்ன எழுதலாம்?

பதில்:

உங்கள் விஷயத்தில் ரத்த அழுத்தம்தான் எல்லாத் தேதிகளையும் தீர்மானிக்கப்போகிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். கர்ப்பகால ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 40 வாரம் முடியும்வரை மருத்துவர்கள் பெரும்பாலும் காத்திருப்பதில்லை. சிறுநீரில் புரதம் போவது போன்ற அறிகுறிகள் சேர்ந்துகொண்டால் 37 வாரம் ஆனதும் பிரசவம் பார்த்துவிடுவது வழக்கம். நிலைமை கடுமையானால் 34 வாரத்திலேயே முடிவெடுப்பார்கள். உங்கள் கணக்கில் 37 வாரம் நிறைவது ஜூலை 27, 34 வாரம் நிறைவது ஜூலை 6. ஆகஸ்ட் 17 என்ற ஒரே தேதியை மட்டும் நம்பி எழுதிய விண்ணப்பம், குழந்தை ஜூலையில் பிறந்துவிட்டால், மருத்துவமனைப் படுக்கையிலிருந்து நீங்கள் திருத்தி எழுத வேண்டிய காகிதமாகிவிடும். ஆகவே உத்தேசத் தேதி மாறினால் விடுப்புத் தேதியும் எந்தக் கணக்கில் மாறும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவதுதான் சரியான வழி.

முதலில் சட்டம் தரும் அளவு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தாலும், உங்களுக்குத் தேவையான அளவுகள் எதுவும் மாறவில்லை. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழு ஊதியத்துடன் விடுப்பு; அதில் உத்தேசப் பிரசவத் தேதிக்கு முன்பாக அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம்; அந்தத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாளாவது அந்த நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். மூன்று வருடமாகத் தொடர்ந்து வேலையில் இருக்கும் உங்களுக்குக் கடைசி நிபந்தனை ஒரு பொருட்டே அல்ல. இந்த நேரத்தில், அரசுப் பணியில் இருக்கும் உறவினர் யாராவது “எங்களுக்கு ஒரு வருடம் கொடுத்தார்களே” என்று சொல்லிக் குழப்புவார்கள். அது 2021 ஜூலை 1 முதல் தமிழக அரசு தன் ஊழியர்களுக்குத் தரும் 12 மாதம். தனியார் நிறுவனத்துக்குப் பொருந்தாது.

26 வாரம் என்றால் 182 நாள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 180 நாளை மனத்தில் வைத்துக்கொண்டோ, “ஆறு மாதம்” என்று பேச்சுவாக்கில் சொல்லியோ, ஹெச்.ஆர். பிரிவினர் கணினியில் தவறான முடிவுத் தேதியை ஏற்றிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அதேபோல வாரம் என்பது ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்த ஏழு நாள். இந்தக் கேள்வி நம் ஊரிலிருந்தே, கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போய், ஞாயிறும் கணக்கில் சேரும், அதற்கும் பணம் உண்டு என்று 1977இல் தீர்ப்பானது. ஆகவே வேலை நாள்களை மட்டும் எண்ணுவதோ, இடையில் வரும் தீபாவளிக்காகக் கூடுதலாக ஒரு நாள் கேட்பதோ கிடையாது.

இனி உங்கள் தேதிகள். ஆகஸ்ட் 17 திங்கட்கிழமை. அதற்கு 8 வாரம் முன்பு, அதாவது 56 நாள் முன்பு, ஜூன் 22 திங்கள். சட்டப்படி உங்கள் மகப்பேறு விடுப்பு தொடங்கக்கூடிய முதல் நாள் அதுவே. அன்றே தொடங்கினால் 182ஆம் நாள் டிசம்பர் 20இல் வந்துவிடும். தேதி தவறாமல் ஆகஸ்ட் 17இல் பிறந்தால் டிசம்பர் 21இல் நீங்கள் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கும். நாலு வாரம் முன்பாக, ஜூலை 20 திங்கட்கிழமை தொடங்கினால் 2027 ஜனவரி 17 ஞாயிறு வரை விடுப்பு. பொங்கல் கழிந்து 18ஆம் தேதி திங்கட்கிழமை பணிக்குத் திரும்பலாம். முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குழந்தையோடு இருக்கும் ஒரு வாரத்தைக் குறைக்கிறது என்பதால், உடல் இடம் கொடுத்தால் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதென்றால், அது பெரும்பாலும் ஜூன் 22க்கு முன்பே விழும். அந்த இடைவெளியை மகப்பேறு விடுப்பில் சேர்க்க முடியாது. ஈட்டிய விடுப்பாகவோ, மேலாளர் சம்மதித்தால் கும்பகோணத்திலிருந்தே வேலை பார்ப்பதாகவோ தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருத்துவச் சான்றுக்கு வருவோம். உங்கள் கோப்பில் மூன்று நான்கு ஸ்கேன் அறிக்கைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பிரசவத் தேதி சற்றே வேறாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 280 நாள் கூட்டுவது ஒரு கணக்கு. உங்களுக்கு அது சரியாக ஆகஸ்ட் 17. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் கருவின் நீளத்தை அளந்து சொல்வது இன்னொன்று. 9 முதல் 13 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் மாதவிடாய்க் கணக்கிலிருந்து ஏழு நாளுக்கு மேல் விலகினால்தான் மருத்துவர்கள் தேதியை மாற்றுவது வழக்கம். அப்படி ஒருமுறை நிலைநிறுத்திய தேதியைப் பிந்தைய ஸ்கேன்களைப் பார்த்து மாற்றுவதில்லை. ஏழெட்டு மாதத்தில் எடுக்கும் வளர்ச்சி ஸ்கேன் குழந்தையின் பருமனை வைத்துத் தேதி சொல்கிறது. ரத்த அழுத்தம் உள்ள தாயின் குழந்தை சற்றுச் சிறியதாக இருந்தால் அந்த அறிக்கையில் பிரசவத் தேதி ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிப்போயிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஹெச்.ஆர். “தேதி 28 என்று இருக்கிறதே, 8 வாரக் கணக்கு இடிக்கிறதே” என்று கேட்டால் பதில் சொல்லி மாளாது.

ஆகவே ஸ்கேன் அறிக்கைகளை இணைக்காதீர்கள். அவற்றில் அலுவலகத்துக்குத் தேவையில்லாத உடல் விவரங்களும் நிறைய இருக்கின்றன. உங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரே பக்கச் சான்றிதழ் வாங்குங்கள். அதில் உங்கள் பெயர், வயது, பரிசோதித்த தேதி, அன்றைக்கு எத்தனை வாரக் கர்ப்பம், உத்தேசப் பிரசவத் தேதி, அது எந்தக் கணக்கில் நிர்ணயிக்கப்பட்டது, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, மருத்துவ கவுன்சில் பதிவு எண் ஆகியவை இருந்தால் போதும். ரத்த அழுத்தம் இருப்பதை “கர்ப்பகால உயர் ரத்த அழுத்தத்துக்காகக் கண்காணிப்பில் உள்ளார், முன்கூட்டியே பிரசவம் நேரக்கூடும்” என்ற ஒரு வரியாக இப்போதே எழுதச் சொல்லுங்கள். பின்னால் நீட்டிப்புக் கேட்கும்போது அந்த நோய் கர்ப்பத்தால் வந்தது என்பதற்கு அந்த வரிதான் முதல் ஆதாரம்.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. அலுவலகப் பதிவில் அப்பாவின் இனிஷியல், மருத்துவமனைக் கோப்பில் கணவரின் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாக என்று மூன்று வடிவம் இருப்பது நம் வீடுகளில் சகஜம். சான்றிதழில் அலுவலகப் பதிவில் உள்ளபடி பெயர் இருக்கட்டும். கூடவே பணியாளர் எண்ணையும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. கும்பகோணத்து மருத்துவமனையில் முதல் நாள் பதிவு செய்யும்போதே இதே பெயரைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி அந்தப் பெயரில்தான் வரும், அதை வெளியே வந்தபின் திருத்துவது பெரும் அலைச்சல். குழந்தையின் பிறப்பும் கும்பகோணத்தில்தான் பதிவாகும், சென்னை மாநகராட்சியில் அல்ல. பிறப்புச் சான்றிதழுக்குக் கர்ப்பகாலப் பதிவான பிக்மி எண் கேட்பார்கள் என்பதால், சென்னையில் வாங்கிய எண்ணைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அலுவலகத்துக்கு முதலில் டிஸ்சார்ஜ் சம்மரி போதும். பிறப்புச் சான்றிதழைக் கிடைத்தபின் அனுப்பலாம்.

அடுத்து நீட்டிப்பு. 26 வாரத்துக்கு மேல் ஊதியத்துடன் சட்டம் தருவது அதிகபட்சம் ஒரு மாதம். கர்ப்பம், பிரசவம், குறைப்பிரசவம் ஆகியவற்றால் உண்டான நோயால் அவதிப்படும் பெண்ணுக்கு, சான்று காட்டினால், அது 26 வாரத்துக்கு மேலதிகமாகக் கிடைக்கும். இதில் இரண்டு விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை.

ஒன்று, நோய் தாயினுடையதாக இருக்க வேண்டும். குழந்தை எடை குறைவாகப் பிறந்து இன்குபேட்டரில் மூன்று வாரம் இருந்தது என்பது மட்டும் இந்த ஒரு மாதத்துக்குக் காரணமாகாது. குழந்தைகள் நல மருத்துவரின் சான்றோடு போகிறவர்களுக்கு மறுப்பு வருவது இதனால்தான். அந்தச் சூழலில் தாய்க்கு ரத்த அழுத்தமோ, அறுவை சிகிச்சைத் தையலில் தொற்றோ, மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வோ இருந்தால், அதற்கான சான்று தாயைப் பார்க்கும் மருத்துவரிடமிருந்து வர வேண்டும். குழந்தையின் நிலைக்காக மட்டும் கேட்பதென்றால் அது ஈட்டிய விடுப்பு, ஊதியமில்லா விடுப்பு, வீட்டிலிருந்து வேலை என்ற வரிசையில் நிறுவனத்தின் சம்மதத்தைப் பொறுத்தது.

இரண்டு, அந்த ஒரு மாதத்தைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்றோ ஒரே தொடராக எடுக்க வேண்டும் என்றோ சட்டத்தில் இல்லை. எல்லாரும் அதை “எக்ஸ்டென்ஷன்” என்று பின்பக்கத்துக்கே ஒதுக்கி வைக்கிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு முன்பக்கத்தில்தான் அது அதிகம் பயன்படும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

31 வாரத்தில், ஜூன் 15ஆம் தேதி, ரத்த அழுத்தத்துக்காக உங்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் கழித்து, ஜூலை 6ஆம் தேதி, 34 வாரத்தில் குழந்தை பிறக்கிறது. வழக்கமான முறையில் முதல் ஒரு வாரம் மருத்துவ விடுப்பு, ஜூன் 22 முதல் மகப்பேறு விடுப்பு என்று போனால் 26 வாரம் டிசம்பர் 20இல் முடிந்துவிடும். குறைமாதக் குழந்தையோடு கிடைப்பது ஐந்தரை மாதம். மாறாக, ஜூன் 15 முதல் ஜூலை 5 வரையிலான 21 நாளை நோய்க்கான அந்த ஒரு மாதத்தில் கேட்டு, பிரசவ நாளான ஜூலை 6இலிருந்து மகப்பேறு விடுப்பைத் தொடங்கினால் அது 2027 ஜனவரி 3 வரை போகும். இரண்டு வாரம் கூடுதல். அதற்குமேல் ஒரு மாதத்தில் மிச்சமிருக்கும் ஒன்பது நாளை, உங்களுக்கு உடல்நலக் குறைவு தொடர்ந்தால், அப்போது கேட்கலாம். கைவசம் மருத்துவ விடுப்பு நிறைய இருந்தால் அந்த 21 நாளுக்கு முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்; கிடைத்தால் ஒரு மாதம் முழுதாக மிஞ்சும்.

அந்த மாதத்தைப் பிற்பாடு எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரப்படுத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மருத்துவமனையில் படுத்திருக்கும்போது நோய்க்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. பிரசவமாகி ஆறு மாதம் கழித்து, இந்த நோய் பிரசவத்தால் வந்ததுதான் என்று நிறுவுவது அவ்வளவு எளிதல்ல. கர்ப்பகால ரத்த அழுத்தம் பெரும்பாலோருக்குப் பிரசவமான சில வாரங்களிலேயே இறங்கியும் விடும்.

பிரசவம் தள்ளிப்போனால் என்ன என்றும் கேட்பார்கள். ஜூலை 20இல் தொடங்கிவிட்டால் குழந்தை ஆகஸ்ட் 22இல் பிறந்தாலும் முடிவுத் தேதி ஜனவரி 17தான், அதில் மாற்றமில்லை.

இவ்வளவையும் சேர்த்து விண்ணப்பத்தை நான் இப்படி எழுதுவேன்:

“பெறுநர்: மனிதவள மேலாளர். பொருள்: மகப்பேறு விடுப்பு விண்ணப்பம்.

ஐயா / அம்மா,

நான் கருவுற்றிருக்கிறேன். இணைத்துள்ள மருத்துவச் சான்றின்படி என் உத்தேசப் பிரசவத் தேதி 17.08.2026. 20.07.2026 முதல் 17.01.2027 வரை 26 வாரம், அதாவது 182 நாள், ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 18.01.2027 அன்று பணிக்குத் திரும்புவேன்.

20.07.2026க்கு முன்பே பிரசவம் நேர்ந்தால், பிரசவ நாளிலிருந்து 182 நாளாக இவ்விடுப்பைத் திருத்திக்கொள்ளவும். அதற்கு முன்னர் மருத்துவக் காரணத்தால் நான் பணிக்கு வர இயலாமல் போனால், கர்ப்பத்தால் உண்டான நோய்க்குச் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்சம் ஒரு மாத விடுப்பை அந்நாள்களுக்கு உரிய சான்றுடன் கோருவேன். அதில் எஞ்சிய நாள்களை, தேவைப்பட்டால், மகப்பேறு விடுப்பின் முடிவில் கோருவேன். அதற்கும் மேற்பட்ட நாள்களுக்கு என் கணக்கிலுள்ள ஈட்டிய விடுப்பையும், பின்னர் ஊதியமில்லா விடுப்பையும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

விடுப்புக் காலத்தில் வேறெந்த நிறுவனத்திலும் பணிபுரிய மாட்டேன். எனக்குச் சேர வேண்டிய தொகையை என்னிடமோ, நான் நியமிக்கும் என் கணவரிடமோ வழங்கலாம். நான் தொடர்புகொள்ள இயலாத நிலையில் அவர் அனுப்பும் மின்னஞ்சலை என் அறிவிப்பாக ஏற்றுக்கொள்ளவும்.”

கீழே கணவரின் முழுப் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, கும்பகோணம் முகவரி ஆகியவற்றைச் சேருங்கள். வேறு இடத்தில் வேலை பார்க்க மாட்டேன் என்பதும், பணத்தைப் பெற நியமித்தவர் யார் என்பதும் சட்டமே அறிவிப்பில் எதிர்பார்க்கும் விஷயங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் இவ்விரண்டும்தான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். நியமனத்தைக் கெட்ட சகுனமாக நினைத்துப் பெரியவர்கள் முகம் சுளித்தால் அவர்களிடம் காட்டாமலே எழுதிவிடுங்கள். நிறுவனத்துக்கென்று தனிப் படிவம் இருந்தால் அதையும் நிரப்பி, இந்தக் கடிதத்தை இணைப்பாக வையுங்கள். விடுப்புப் போர்ட்டலில் பெரும்பாலும் தொடக்கம், முடிவு என்று இரண்டு கட்டம்தான் இருக்கும். “முன்பே பிறந்தால்” என்று எழுத அதில் இடமிருக்காது. ஆகவே மின்னஞ்சலிலும் அனுப்பி, “பெற்றுக்கொண்டோம்” என்ற பதிலை வாங்கி, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்பிக்கொள்ளுங்கள். விடுப்பில் இருக்கும்போது அலுவலக மின்னஞ்சல் முடக்கப்படும் நிறுவனங்கள் உண்டு.

உங்கள் நிலையில் 28 வாரம் முடியும் மே 25 வாக்கிலேயே இதைக் கொடுத்துவிடலாம். எதிர்பாராமல் முன்பே மருத்துவமனைக்குப் போக நேர்ந்து கொடுக்க முடியாமல் போனாலும் உரிமை போய்விடாது. பிரசவத்துக்குப் பின்னும் கூடிய விரைவில் அறிவிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. நீட்டிப்புக் கேட்கும்போது மட்டும், நடப்பு விடுப்பு முடிவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே புதிய சான்றை அனுப்புங்கள். அந்தச் சான்றில் “ஓய்வு தேவை” என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். நோயின் பெயர், அது கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உண்டானது என்ற குறிப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை ஓய்வு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். சென்னை மருத்துவர் கர்ப்பகாலத்துக்கும், கும்பகோணம் மருத்துவர் பிரசவத்துக்குப் பிந்தைய காலத்துக்கும் சான்று தருவதில் தவறில்லை. ஆனால் இரண்டாமவர் தன் சான்றில் முதலாமவரின் சான்றைத் தேதியோடு குறிப்பிட்டால், ஒரே நோய்தான் தொடர்கிறது என்பது தெளிவாக நிற்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு குறிப்புகள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுகிறவர்களுக்கு 26 வாரத்துக்கான பணத்தை நிறுவனம் தராது, இ.எஸ்.ஐ. கழகம்தான் தரும், அவர்கள் நிறுவனத்துக்கு விடுப்புக் கடிதமும், இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றோடு கழகத்துக்குத் தனி விண்ணப்பமும் கொடுக்க வேண்டும். இன்னொன்று, எழுதவே மனம் வராதது: கரு 26 வாரத்துக்குள் கலைந்துபோனால் அதற்கென ஆறு வார ஊதிய விடுப்பு தனியாக உண்டு, அதற்குப் பின் குழந்தை உயிரின்றிப் பிறந்தால் சட்டத்தின் கண்ணில் அதுவும் பிரசவமே என்பதால், 26 வார விடுப்பைக் குறைக்க நிறுவனத்துக்கு உரிமை கிடையாது.